மடிப்பில் வைக்காத பின்துண்டு

சலோமியம்மாவைப் பெரியாஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்து கூடத்தில் பாய் போட்டுக் கிடத்தியதும், பக்கத்து வீட்டு ஈஸ்வரி முதலில் கேட்டு வாங்கியது கத்திரிக்கோலைத்தான்.

அவள்மேல் குற்றமில்லை. அந்தத் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பெண்பிள்ளை என்றால் குளிப்பாட்டி உடுத்துகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று ஈஸ்வரி, இன்னொன்று சலோமியம்மா. சாமி வேறு வேறாக இருந்தாலும் இந்த வேலையில் இருவரும் ஒரு கை. விறைத்த உடம்புக்கு ரவிக்கை போடுவது லேசான காரியமில்லை. கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. அதனால் ரவிக்கையின் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே கோடாகக் கிழித்துவிடுவார்கள். முன்பக்கம்தான் கொக்கி வைத்துத் திறந்திருக்கிறதே. முதுகையும் கிழித்தால் ரவிக்கை வலம் இடம் என்று இரண்டாகிவிடும். இந்தக் கைக்கு ஒரு பாதி, அந்தக் கைக்கு ஒரு பாதி என்று மாட்டி முன்னால் கொக்கியைப் போட்டுவிட்டால் பார்க்கிறவர்களுக்கு முழு ரவிக்கைதான். கிழிசல் முதுகுக்கு அடியில் போய்விடும். யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

"வேணாங்க்கா, கிழிக்க வேணாம்" என்றாள் மருமகள் ஏஞ்சல்.

ஈஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அழுது வீங்கிய முகம்தான் அவளுக்கும். "கிழிக்காம எப்டிமே போடறது? நானும் உங்க அத்தையும் சேர்ந்து எத்தினி பேருக்குக் கிழிச்சிருக்கோம். இது இன்னா புதுசா?"

 ஏஞ்சலுக்கு ஆஸ்பத்திரியில் கேட்ட வார்த்தை காதில் நின்றது. சிறுநீரகம் கெட்டு, கை கால் முகமெல்லாம் நீர் கோத்துக்கொண்டு, கடைசியில் பேச்சும் குறைந்துபோன நாளில், சலோமியம்மா மருமகளின் கையைப் பிடித்து இழுத்துச் சொன்ன வார்த்தை அது. மகனைப் பற்றியும் சொல்லவில்லை, காதில் கிடந்த கம்மலைப் பற்றியும் சொல்லவில்லை.

"ஏஞ்சலு, எல்லாத்துக்கும் நான்தான் கிழிச்சேன். எனக்குக் கிழிக்காதே. கிழிஞ்ச முதுகோட என்ன அனுப்பாதேமே."

ஏஞ்சல் தலையை ஆட்டிவிட்டாள். சாகப் போகிறவர் கேட்டால் யார்தான் தலையை ஆட்டாமல் இருப்பார்கள். எப்படிச் செய்வது என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்க நேரமில்லை. சாயங்காலம் பாஸ்டர் ஜெபத்துக்கு வந்துவிடுவார். அதற்குள் பெட்டியில் வைத்தாக வேண்டும். வாசலில் மோசஸ், அவள் புருஷன், ஷாமியானா கட்டுகிறவர்களிடம் நின்றுகொண்டிருந்தான்.

"முதல்ல பொடவைய எடும்மா" என்றாள் ஈஸ்வரி, கொஞ்சம் தணிந்து. "கிழிக்கறதா வேணாமான்னு பின்னாடி பார்த்துக்கலாம்."

ஏஞ்சல் பீரோவைத் திறந்தாள். சர்ச்சில் அப்பமும் ரசமும் தரும் திருவிருந்து ஞாயிறுகளில் சலோமியம்மா கட்டிக்கொண்டு போகும் வெள்ளைப் புடவை மடித்து வைத்தபடி இருந்தது. அதன் மடிப்புக்குள்ளேயே வெள்ளை டூ பை டூ பருத்தித்துணி ரவிக்கை. ஏஞ்சல் தைத்ததுதான். தைத்தாள் என்றா சொல்வது, தப்பாகத் தைத்தாள். எடுத்து விரித்தாள். முதுகின் நடுவில், எந்த ரவிக்கையிலும் இருக்கக் கூடாத இடத்தில், மேலிருந்து கீழாக ஒரு தையல் ஓடியது.

அந்தத் தையலைப் பார்த்தபடி அவள் பீரோவின் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாள். அது எப்படி அங்கே வந்தது என்று சொன்னால்தான் உங்களுக்கு மீதி புரியும்.

கும்மிடிப்பூண்டியில் பேக்கிங் கம்பெனி ஒன்றில் காண்டிராக்டில் நின்று நின்று ஏஞ்சலின் கால் நரம்பு சுருட்டிக்கொண்டது. உட்கார்ந்து செய்கிற தொழில் ஒன்று கையில் இருக்கட்டும் என்று அவளைத் தையல் கிளாஸில் சேர்த்துவிட்டதே மாமியார்தான். சர்ச் ஹாலில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடக்கும். பொன்னேரியிலிருந்து காயத்ரி டீச்சர் ரயிலேறி வந்து சொல்லித் தருவார். அளவெடுத்து, பிரவுன் பேப்பரில் படம் போட்டு, வெட்டி, அதைத் துணிமேல் வைத்து வெட்ட வேண்டும். நம் ஊர் டெய்லர்கள் பழைய ரவிக்கையை அளவுக்கு வைத்து, சாக்பீஸால் துணியிலேயே கோடு போட்டுவிடுவார்கள்; பேப்பர் எதுவும் கிடையாது. ஆனால் கற்றுக்கொள்கிறவர்களுக்குப் பேப்பர்தான் என்பார் காயத்ரி டீச்சர். பேப்பரில் தப்பு செய்தால் போவது பேப்பரோடு. துணியில் செய்தால் போவது துணி.

முதல் ரவிக்கை யாருக்கு என்று டீச்சர் கேட்டபோது ஏஞ்சல் மாமியாருக்கு என்று சொன்னாள். வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்து அளவெடுத்தாள். தோள் முதல் தோள் வரை முதுகில் டேப்பை வைத்தபோது சலோமியம்மா கூச்சத்தில் நெளிந்தார்.

"என் முதுகை இத்தினி கிட்ட யாரும் பார்த்ததில்லமே" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இல்ல, பார்த்திருக்காங்க" என்று அவராகவே அந்தக் கதையைச் சொன்னார்.

கல்யாணமான புதிதில் அவருக்கு இருந்தது ஒரே ரவிக்கை. இரவில் துவைத்துப் போட்டுக் காலையில் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு நடவுக்குப் போவார். அது முதுகில் இற்றுக் கிழிந்துபோயிற்று. நின்றால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளலாம். நடவில் எப்படி மூடுவது? முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்துவிட்டால், ஊருக்குத் தெரிவது முதுகு மட்டும்தானே. வரப்பில் குடை பிடித்து நின்ற மேஸ்திரி, "சலோமி முதுகுல ஜன்னல் வெச்சிக்கினு வந்துட்டா, நல்லா காத்து வருதா?" என்று கேட்டான். கூட நட்ட பொம்பளைகள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் நாளைக்குக் கூப்பிட மாட்டான். சலோமியம்மாவும் சிரித்தார். அந்த நடவு முடிகிற வரை தினமும் அவன் ஜன்னலைப் பற்றிக் கேட்டான், தினமும் இவர்கள் சிரித்தார்கள். அந்த நிலம் முழுக்க இப்போது இரும்பு உருக்குகிற ஆலை. மோசஸ் அங்கேதான் ஷிப்டுக்குப் போகிறான்.

"அன்னிலேர்ந்து இன்னா இருக்குதோ இல்லியோ, முதுகு முழுசா இருக்கணும் எனக்கு" என்று சொல்லி முடித்தார் சலோமியம்மா. ஏஞ்சல் டேப்பைச் சுருட்டினாள். என்ன சொல்வதென்று தெரியாமல் அளவை இரண்டு தரம் எழுதினாள்.

பேப்பரை வெட்டி முடித்த அன்று இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அதைப் பரப்பினார்கள். சலோமியம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் குறிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார்.

நீளமாக, இரண்டு முனையிலும் அம்பு போட்ட ஒரு கோடு. அதுதான் இழையோட்டம், கிரெயின் லைன் என்றாள் ஏஞ்சல். துணியின் கரைக்கு அந்தக் கோடு இணையாகப் படுக்க வேண்டும். மேல் முனையிலிருந்து கரைக்கு எவ்வளவோ, கீழ் முனையிலிருந்தும் அவ்வளவே இருக்க வேண்டும். கோணலாகப் படுத்தால் நாலு துவைப்பில் ரவிக்கை ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும்.

"நடவுக்குக் கயிறு கட்றாப்பல" என்றார் சலோமியம்மா. "கயிறு கோணிச்சுன்னா வரிசையே கோணிடும்."

கைத்துண்டின் வளைவில் ஒரு பக்கம் ஒரு சின்னக் கோடும், மறுபக்கம் சேர்ந்தாற்போல் இரண்டு கோடுகளும் இருந்தன. அது நாட்ச். ஒன்று என்றால் முன்பக்கம், இரண்டு என்றால் பின்பக்கம். உடம்புத் துண்டின் அக்குள் வளைவிலும் அதே மாதிரி இருக்கும். ஒன்றோடு ஒன்று, இரண்டோடு இரண்டு சேர்த்துத் தைத்தால் கை நேராக உட்காரும். மாற்றித் தைத்தால் கையைத் தூக்க முடியாது. சலோமியம்மா அவற்றைப் பல் என்று பெயர் வைத்துக்கொண்டார். ஒத்தைப் பல், ரெட்டைப் பல்.

அப்புறம் முதுகுத் துண்டைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாமே இது, பாதி ஆளுக்குத்தான் கீது. மீதி எங்க?"

"மீதி மடிப்புல இருக்குது அத்த."

அதன் நேரான ஓரத்தில், இரண்டு முனையும் உள்ளே மடங்கி அந்த ஓரத்தைக் குத்திக்கொண்டு நிற்கிற அம்பு ஒன்று வரைந்திருந்தது. அது மடிப்புக் குறி. துணியை இரண்டாக மடித்து, மடிந்த பக்கத்தில் இந்த ஓரத்தைப் பொருத்தி வைக்க வேண்டும். இந்த ஓரத்தை மட்டும் வெட்டக் கூடாது. மற்ற ஓரங்களை வெட்டிவிட்டு விரித்தால் முதுகு முழுசாக வரும். முன்துண்டு அப்படி இல்லை. அது நடுவில் கொக்கிக்காகத் திறந்திருக்க வேண்டும். அதனால் அதை மடிப்பில் வைக்காமல், இரண்டு கரைகளும் சேர்ந்து திறந்திருக்கிற பக்கத்தில் வைத்து வெட்டுவார்கள். வலமும் இடமுமாகத் தனித்தனியே இரண்டு வரும்.

இதையெல்லாம் அத்தனை அழகாக எடுத்துச் சொன்னவள்தான், மறு ஞாயிறு ஹாலில் துணியை விரித்ததும் தப்பு செய்தாள்.

வெள்ளைத் துணியை நீளவாக்கில் மடித்தாள். முன்துண்டைத் திறந்த பக்கத்தில், கரையோடு கரையாக வைத்துக் குண்டூசி குத்தினாள். சரி. அதற்கு நேர் கீழே முதுகுத் துண்டை வைத்தாள். முன்துண்டு எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் இதுவும் பார்க்கும்படி வைத்தாள். பார்க்க ஒழுங்காக இருந்தது. கிரெயின் லைனை ஸ்கேல் வைத்து மேலும் கீழும் அளந்தாள். கரைக்கு இணையாக இருந்தது. இருக்காதா பின்னே, மடிப்பும் கரையும் ஒன்றுக்கொன்று இணைதானே. மடிப்புப் பக்கம் வைத்தாலும் கரைப் பக்கம் வைத்தாலும் அந்தக் கோடு சரியாகத்தான் இருக்கும். அந்தக் கோடு சரி என்றதும் அவளுக்கு எல்லாம் சரி என்று தோன்றிவிட்டது. மடிப்புக் குறி குத்திக்கொண்டு நின்றது மடிப்பை அல்ல, கரையை. அவள் அதைப் பார்க்கவில்லை. வெட்டினாள். பேப்பரை எடுத்துவிட்டுத் துணியை விரித்தாள். முதுகு கையில் இரண்டு துண்டாக வந்தது.

காயத்ரி டீச்சர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "கிரெயின் லைன் கரெக்ட், நாட்ச் கரெக்ட், ஃபோல்டை விட்டுட்டியேம்மா" என்றார். மீதித் துணியை அளந்து பார்த்தார். இன்னொரு முதுகு வெட்ட அகலம் போதாது. புதுத் துணி வாங்கு, இதைப் பழக வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போனார்.

ஏஞ்சல் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சாப்பிடவில்லை. துணி போனதற்காக இல்லை. முதுகு முழுசா இருக்கணும் என்று வாய்விட்டுச் சொன்ன மனுஷிக்கு முதுகையே இரண்டாக்கிக் கொண்டு வந்திருந்தாள்.

சலோமியம்மா இரண்டு துண்டையும் வாங்கி நடு ஓரங்களைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் விரலை ஓட்டினார். அது கத்திரி பட்ட ஓரமில்லை. தறியிலேயே முடிந்த கரை. பிசிறு கிடையாது, நூல் வராது.

"இது கிழிஞ்சதில்லியே. வெட்டினதும் இல்ல. கரையாத்தான கீது" என்றார். "தெச்சுடு. தெச்ச முதுகு வேற, கிழிஞ்ச முதுகு வேற."

அப்படி வந்ததுதான் அந்த நடுத் தையல். மடிப்பில் வைக்கிற ஓரத்துக்குத் தையலுக்கென்று துணி விட்டிருக்க மாட்டார்கள் இல்லையா, அதனால் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் பிடித்துத் தைத்ததில் முதுகு இறுக்கமாகிவிட்டது. விலாவில் பிரித்துக்கொள்ள விட்டிருந்த துணியையெல்லாம் அப்போதே விட்டுக் கொடுத்தாள். கை மட்டும் முழங்கை வரை தொளதொளவென்று இருந்தது; நடவு நட்ட கை, அடைத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்று சலோமியம்மா வைக்கச் சொன்ன அளவு அது. அதற்கப்புறம் ஏஞ்சல் நல்லபடியாகவே எத்தனையோ ரவிக்கை தைத்தாள். மாமியாருக்கும் தைத்தாள். ஆனால் ஒவ்வொரு திருவிருந்து ஞாயிறும் அவர் கேட்டு எடுத்துப் போட்டுக்கொண்டது இந்த வெள்ளையைத்தான். ஒரு தரம் சர்ச்சில் பின்னால் உட்கார்ந்தவள் முதுகுத் தையலைப் பற்றிக் கேட்டதற்கு, இது இப்போது வந்திருக்கிற மாடல் என்று சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பீரோவின் முன்னால் உட்கார்ந்திருந்த ஏஞ்சல் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ரவிக்கையை ஈஸ்வரியிடம் கொண்டு வந்தாள்.

"அக்கா, இதப் பாருங்க. இது இங்க ரெண்டு துண்டுதான். பிரிச்சா போதும். கிழிக்க வேணாம்."

ஈஸ்வரி தையலைத் தடவினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கத்திரிக்கோலைப் புடவைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். "பிரி. ஆனா சீக்கிரம் பிரி" என்றாள்.

சீக்கிரம் பிரிகிற தையலா அது. அன்றைக்கு இருந்த பயத்தில் பொடிப் பொடியாக, அதுவும் இரண்டு ஓட்டு ஓட்டியிருந்தாள். பிளேடு வைத்தால் வேகமாகப் போகும். ஆனால் பிளேடு ஒரு நூல் தவறிக் கரையில் பட்டால் அது கிழிசல்தான். ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகக் கிளப்பி இழுத்தாள். தையல் முறியும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. ஈஸ்வரி சலோமியம்மாவை வெந்நீரில் துடைத்துவிட்டுத் தலைவாரினாள்.

மோசஸ் கூடத்து வாசலில் கட்டியிருந்த திரையை விலக்கிப் பார்த்தான். ஐஸ் பெட்டி வந்துவிட்டது, ஆட்கள் நிற்கிறார்கள் என்றான். மனைவி மடியில் எதையோ வைத்துப் பிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். இந்த நேரத்தில் இது என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை. அம்மாவின் ரவிக்கை என்று தெரிந்ததோ என்னவோ, திரையை மூடிவிட்டு அப்படியே வெளியே நின்றுகொண்டான்.

முதுகு இரண்டாகப் பிரிந்தது. ஈஸ்வரி ஒரு பாதியை வலது கையில் மாட்டினாள். நீர் கோத்த கை. நல்லவேளை, தொளதொளக் கைகள் ஏறிக்கொண்டன. இன்னொரு பாதியை இடது கையில். முன்னால் கொக்கிகளைப் போட்டார்கள். கட்டுவதற்குப் புடவையை எடுத்தாள் ஈஸ்வரி.

"இருங்க்கா. பின்னாடி தெச்சுட்டுக் கட்டலாம்."

ஈஸ்வரிக்கு இப்போது எரிச்சல் வந்துவிட்டது. "ஏம்மே, கிழிக்கல, வெட்டல. கேட்டது கேட்டபடி ஆச்சு. அடியில கீற முதுகை யார் பார்க்கப் போறா, பூமாதேவியா?"

"தொறந்து கீதுக்கா."

"தொறந்தா இன்னா?"

"ஜன்னல் வெச்சாப்பல கீது" என்றாள் ஏஞ்சல்.

ஈஸ்வரிக்கும் அந்த நடவு தெரியும். சிரித்த பொம்பளைகளின் வரிசையில் அவளும்தான் குனிந்து நின்றிருந்தாள்.  சலோமியம்மாவின் தோளையும் இடுப்பையும் பிடித்து மெதுவாகத் தன் பக்கமாக ஒருக்களித்துச் சாய்த்து, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

முதுகில் இரண்டு கரைகளும் சேரவில்லை. உடம்பு வீங்கியிருந்தது. மேலே கழுத்தருகில் இரண்டு விரல் இடைவெளி, கீழே இடுப்பருகில் நாலு விரல். நடுவில் வெறும் முதுகு தெரிந்தது. விலாவில் பிரித்துவிட இனி துணி கிடையாது.  ஏஞ்சல் ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்த பிரவுன் பேப்பர் சுருளை எடுத்தாள். அன்றைக்கு வெட்டிய பேட்டர்ன் அது. அதற்குள் மீதி வெள்ளைத் துணியையும் சுற்றி வைத்திருந்தாள். ஒரு முதுகுக்குப் போதாத துணி.

ஒரு பட்டைக்குப் போதும். அவள் இழையோட்டம் பார்த்தாள். நீளவாட்டில் ஒரு நூலை ஊசியால் கிளப்பி மெல்ல உருவினாள். நூல் வந்த வழியில் மெல்லிய கோடு விழுந்தது. அந்தக் கோட்டில்தான் வெட்டினாள். குறுக்கில் வெட்டியிருந்தால் இழுத்த இழுப்புக்குப் பட்டை நெகிழ்ந்துவிடும். நேர் இழையில் வெட்டியது அப்படியே நிற்கும். மேலே குறுகி, கீழே விரிகிறபடி பட்டையின் இரு ஓரத்தையும் உள்ளே மடித்து நகத்தால் அழுத்தினாள். வீட்டில் தையல் மிஷின் இருந்தது. சாவு வீட்டில் மிஷின் ஓடக் கூடாது. ஓடலாம் என்றாலும் அவள் ஓட்டியிருக்க மாட்டாள்.

பட்டை ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிவிடக் கூடாது என்று, கழுத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று என்று பென்சிலால் பொடிக் கோடுகள் போட்டாள். பட்டையின் ஓரத்திலும் போட்டாள், இரண்டு கரைகளிலும் போட்டாள். நாட்ச் என்றால் கத்திரி நுனியால் சின்னதாக வெட்டுவதுதான் வழக்கம். அந்தக் கரையில் அவள் கத்திரி வைக்கவில்லை.

ஒத்தைப் பல்லோடு ஒத்தைப் பல்லைச் சேர்த்துக் குண்டூசி குத்தினாள். ஊசியில் வெள்ளை நூலைக் கோத்தாள். மேலிருந்து தைக்கத் தொடங்கினாள்.

தைக்கும்போது இடது கையை ரவிக்கைக்குள் விட்டு, புறங்கையைச் சலோமியம்மாவின் முதுகோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். ஊசி துணியைத் தாண்டி இறங்கினால் அது படுவது அவள் கையில். முதுகு ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு மூன்று இடத்தில் ஊசி குத்தியது. கையை எடுக்கவில்லை.

"அவங்களுக்கு வலிக்குமா மே?" என்றாள் ஈஸ்வரி, தணிந்த குரலில். கேலியாகக் கேட்கவில்லை.

 ஏஞ்சல் ஒரு பக்கத்தை முடித்து நூலை முடிச்சுப் போட்டாள். பல்லால் கடித்து அறுக்க முகத்தைக் குனிந்தபோது மாமியாரின் முதுகில் அவள் நெற்றி பட்டது. அங்கேயே சற்று நேரம் வைத்திருந்தாள். அளவெடுத்த அன்று சொல்லத் தெரியாமல் விட்ட வார்த்தை இப்போதும் வரவில்லை. அழுகைதான் வந்தது. ஈஸ்வரி இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுபக்கமும் தைத்தாகிவிட்டது. வெள்ளை முதுகில் ஒரு திறப்பும் இல்லை. உள்ளங்கையிலிருந்து ஒரு பொட்டு ரத்தம் பட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்க வழியில்லை, துடைக்கவும் வழியில்லை. அப்படியே மல்லாக்கச் சாய்த்தார்கள். புடவையைக் கட்டி, முந்தானையைத் தலைக்கு முக்காடாக இழுத்துவிட்டார்கள். சர்ச்சுக்குக் கிளம்பினாற்போலத்தான் இருந்தார்.

ஈஸ்வரி எழுந்து தலைப்பில் சுற்றியிருந்த கத்திரிக்கோலை எடுத்து ஆணியில் மாட்டினாள். பின்கட்டில் கை கழுவும்போது ஏஞ்சலிடம், "எனக்கும் ஒண்ணு அந்த மாதிரி தப்பா வெட்டி வையி. நிறம் எதுவா இருந்தாலும் சரி" என்றாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். இனி அந்தத் தெருவில் உடுத்திவிடத் தான் ஒருத்திதான் மிச்சம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஏஞ்சல் சரி என்று தலையை ஆட்டினாள். இந்தத் தரம் எப்படிச் செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பாஸ்டர் வந்தார். பாட்டுப் பாடினார்கள், ஜெபம் செய்தார்கள். ஆலை ஷிப்டு முடிந்த ஆட்கள் யூனிஃபார்மோடு வந்து மாலை போட்டார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள்; முகம்தானே பார்க்கக் கிடைப்பது. சவப்பெட்டியை மூடும்போது மோசஸ் விம்மி அழுதான். ஏஞ்சல் ஓரமாக நின்று, குத்திக் குத்திச் சிவந்த உள்ளங்கையை மற்றொரு கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் கல்லறைக்குப் போய்த் திரும்பியபோது கூடம் காலியாக இருந்தது. பிரவுன் பேப்பர் துண்டுகள் தரையில் அப்படியே கிடந்தன. அவள் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். முன்துண்டு, கைத்துண்டு. முதுகுத் துண்டு மட்டும் பாயின் ஓரத்துக்கு அடியில் போயிருந்தது. இழுத்தெடுத்து, ஈரத்தைத் துடைத்து, மடிக்காமல் சுருட்டி வைத்தாள்.